நிலையான வாரப் பட்டியலா, மூன்று வாரச் சுழற்சியா? கேரியர் சாப்பாட்டுக்கு மெனு போடும் கணக்கு

வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு சமைத்துக் கேரியரில் அனுப்புகிறவர்களுக்கு மெனு என்பது சுவையைப் பற்றிய முடிவு மட்டும் இல்லை. ஞாயிறு மாலை எவ்வளவு காய் வாங்குவது, புதன்கிழமை ஃப்ரிட்ஜில் என்ன வாடிக் கிடக்கும், வெள்ளிக்கிழமை எத்தனை பேர் "இன்னைக்கு வேண்டாம் அக்கா" என்று சொல்வார்கள், எல்லாம் அந்தப் பட்டியலிலேயே ஒளிந்திருக்கிறது. பட்டியலைச் சுழற்ற நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. எந்த அளவு சேவைக்கு எது பொருந்தும், எது எங்கே சறுக்கும் என்பதை ஒரே கணக்கை வைத்துப் பார்ப்போம்.

கணக்கு இதுதான். மாதக் கட்டணம் கட்டிய 30 வாடிக்கையாளர்கள், திங்கள் முதல் சனி வரை மதியம் மட்டும், சைவச் சாப்பாடு: சாதம், ஒரு குழம்பு, ரசம், ஒரு பொரியல் அல்லது கூட்டு, மோர், அப்பளம். சமைக்கிற வீட்டில் நான்கு பேர். இந்த நால்வரையும் கணக்கில் சேர்த்து 34 என்றே எல்லா அளவையும் போடவேண்டும். ஏன் என்று பின்னால் வரும்.

முதல் வழி: மாறாத வாரப் பட்டியல்

திங்கள் என்றால் சாம்பார், செவ்வாய் என்றால் வத்தக்குழம்பு, புதன் என்றால் கோஸ் கூட்டு. வருஷம் முழுக்க அதேதான். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள், அதில் தப்பும் இல்லை. கொள்முதல் மனப்பாடம் ஆகிவிடும், அளவு கை பழகிவிடும், பச்சைக் காய் வீணாவது நான்கு வழிகளிலும் இதில்தான் மிகக் குறைவு.

சிக்கல் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் தலைகாட்டும். மாதத்துக்கு நான்கு முறை ஒரே கிழமையில் ஒரே கூட்டு வந்தால், அது பிடிக்காதவர்கள் அந்தக் கிழமையைக் குறிவைத்து விடுப்புச் சொல்ல ஆரம்பிப்பார்கள். யாரும் "உங்கள் கோஸ் கூட்டு பிடிக்கவில்லை" என்று சொல்லமாட்டார்கள். "இன்னைக்கு வெளியில சாப்பாடு" என்பார்கள். அதுவும் காலை எட்டு மணிக்கு மேல், அரிசி ஊறின பிறகு. புதன்கிழமை மட்டும் ஆறு பேர் இப்படிச் சொன்னால், ஆளுக்கு 125 கிராம் அரிசி வீதம் 750 கிராம், அதாவது வெந்த சாதமாக 2 கிலோவுக்கு மேல், பாத்திரத்தில் நிற்கும். காயில் மிச்சம் பிடித்த பணம் சாதத்திலும் குழம்பிலும் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும். விடுப்புச் சொன்னவர்களைத் தேதிவாரியாக எழுதாமல் கிழமைவாரியாக எழுதுங்கள். எல்லாக் கிழமையிலும் ஒன்றிரண்டு என்று பரவியிருந்தால் அது மனிதர்களின் இயல்பான வேலை. ஒரே கிழமையில் குவிந்திருந்தால் அது உங்கள் மெனுவைப் பற்றிய புகார்.

இரண்டாவது வழி: அன்றன்றைய சந்தையைப் பார்த்து முடிவு

காலையில் சந்தையில் எது இளசாக, மலிவாக இருக்கிறதோ அதை வாங்கிச் சமைப்பது. பத்துப் பேர் வரை உள்ள சேவைக்கு இது நன்றாகவே ஒத்துவரும். வீட்டுச் சமையலைக் கொஞ்சம் பெரிதாக்கியதுதான் அது. முப்பது பேருக்குப் போகும்போது இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, மலிவாக இருக்கும் காய் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து மலிவாகவே இருக்கும். முள்ளங்கி வரத்து கூடினால் வாரம் மூன்று நாள் முள்ளங்கி வந்துவிடும், சமைக்கிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது, சாப்பிடுகிறவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது, முன்கூட்டி யாருக்கும் எதுவும் தெரியாததால் கேள்வி வந்துகொண்டே இருக்கும். "இன்னைக்கு என்ன?" என்று முப்பது பேரில் பத்துப் பேர் காலையில் கேட்டால், கடுகு தாளிக்கிற நேரத்தில் போன் பார்க்கிற வேலை சேரும்.

மூன்றாவது வழி: வாடிக்கையாளரே தேர்ந்தெடுப்பது

தினமும் இரண்டு பொரியல் போட்டு, முதல் நாள் இரவு யாருக்கு எது என்று கேட்டுச் சமைப்பது. கேட்க அழகாக இருக்கும். வீணடிப்பில் மிக மோசமானது இதுதான். ஒரு பொரியல் செய்தால் குறைந்துவிடக்கூடாது என்று மூன்று பேருக்குக் கூடுதலாகச் செய்வோம். இரண்டு பொரியல் செய்தால் ஒவ்வொன்றிலும் மூன்று பேருக்குக் கூடுதல். சாப்பிடுகிறவர்கள் கூடவில்லை, மிச்சம் மட்டும் இரட்டிப்பு. இரண்டு அடுப்பு, இரண்டு நறுக்கல், கேரியரில் மாற்றி வைத்துவிடும் தவறு, எல்லாம் அதோடு வரும். தேர்வு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சமைக்கத் தேவையில்லாத இடத்தில் கொடுங்கள்: மோரா தயிரா, சாதம் முழு அளவா முக்கால் அளவா. முக்கால் சாதம் கேட்கிறவர்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம் இருப்பார்கள். அந்த ஒரு கேள்வியே வாரத்துக்குக் கணிசமான அரிசியை மிச்சப்படுத்தும்.

நான்காவது வழி: சட்டம் நிலையாக, காய் சுழற்சியாக

முப்பது பேர் அளவுக்கு எங்கள் தேர்வு இதுதான். நிரந்தர வாடிக்கையாளர்கள் எல்லாவற்றிலும் புதுமை கேட்பதில்லை. குழம்பின் வகை, ரசத்தின் ருசி, மோரின் புளிப்பு இவை மாறாமல் இருக்கவேண்டும் என்றே எதிர்பார்க்கிறார்கள். சலிப்பது காயில்தான். அதனால் எந்தக் கிழமை எந்த வகைக் குழம்பு என்பதை நிலையாக வைத்து, அதற்குள் போகிற காயையும் தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்தையும் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுற்றிவரச் செய்வது.

ஏன் மூன்று வாரம்? இரண்டு வாரச் சுழற்சியில் ஒரே கூட்டு மாதம் இருமுறை வரும், அதே கிழமையில். நான்கு வாரச் சுழற்சியில் ஒரு பதார்த்தம் வருஷத்துக்கு 13 முறைதான் வரும். கை பழகாது, ஒவ்வொரு முறையும் உப்பும் அளவும் புதிதாகக் கணக்குப் போடவேண்டிவரும். ஒரே ஒரு பதார்த்தத்துக்காகத் திறந்த மசாலாப் பொட்டலமும் பயறும் அடுத்த முறை எடுக்கும்போது வண்டு வைத்திருக்கும். மூன்று வாரம் என்றால் வருஷத்துக்கு 17 முறை. மாதக் கட்டணம் கட்டுகிறவர் கண்ணில் ஒரு பதார்த்தம் மாதம் ஒரு முறை, சில மாதங்களில் இரண்டு முறை படும். கை பழகவும் இது போதும், நாக்கு மறக்கவும் இது போதும்.

சட்டம் இப்படி அமைக்கலாம்:

திங்கள்: வத்தக்குழம்பு, கூட்டு
செவ்வாய்: சாம்பார், பொரியல்
புதன்: மோர்க்குழம்பு, பருப்பு உசிலி
வியாழன்: காரக்குழம்பு, கீரைக் கடையல்
வெள்ளி: கலந்த சாதம், வறுவல், தயிர் சாதம்
சனி: கதம்ப சாம்பார், எளிய பொரியல்

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. திங்கள் குழம்பு டப்பாவில் இருக்கும் சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றலில் முடிந்துவிடும். ஞாயிறு சந்தை சரியாக அமையாவிட்டாலும் கூட்டுக்கு ஒரு காய் கிடைத்தால் போதும். வியாழனன்று கீரை இருப்பதால் அன்று காலை கீரை எடுக்கப் போகும்போதே வாரத்தின் இரண்டாவது கொள்முதலையும் முடித்துவிடலாம். சனிக்கிழமை கதம்ப சாம்பார் வாரத்தின் வடிகால். அதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும்.

ஒரு வாரத்தைப் பிரித்துப் பார்த்தால்

இந்த முறையின் உயிர் ஒரு விதியில் இருக்கிறது: சீக்கிரம் கெடும் எந்தப் பொருளும் மூன்று நாளுக்குள் இரண்டு வேறு உருவத்தில் இலைக்குப் போகவேண்டும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி இருக்கவேண்டும். இடைவெளி வாடிக்கையாளருக்காக. மூன்று நாள் வரம்பு காய்க்காக.

முதல் வாரத்துக்கு வெள்ளைப்பூசணியை எடுத்துக்கொள்வோம். 5 கிலோ காய் ஒன்று. தோல், விதை, குடல் போக ஏறக்குறைய கால் பங்கு கழியும், 3.75 கிலோ கையில் நிற்கும். திங்கள் கூட்டுக்கு ஆளுக்கு 60 கிராம், 34 பேருக்கு 2 கிலோ சொச்சம். புதன் மோர்க்குழம்புக்கு ஆளுக்கு 40 கிராம், 1.36 கிலோ. இரண்டும் சேர்ந்து 3.4 கிலோ. மீதி 350 கிராமும் மோர்க்குழம்பிலேயே போகட்டும், ஆளுக்கு ஒரு துண்டு கூடும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். இதே பூசணியைக் கூட்டுக்கு மட்டும் என்று பட்டியலில் போட்டிருந்தால், 1.7 கிலோ நறுக்கின காய் ஃப்ரிட்ஜில் உட்கார்ந்து வெட்டுவாயில் நீர்விட்டு, வழவழப்பு ஏறி, வெள்ளிக்கிழமை குப்பைக்குப் போயிருக்கும்.

நறுக்கும்போது ஒரு கவனம். திங்களன்று புதன்கிழமைப் பங்கைத் தோலோடு, பெரிய கீற்றாகவே விட்டுவிடுங்கள். வெட்டுவாயைத் துணியால் ஒற்றி, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். துண்டு போட்டு வைத்தால் வெட்டுப்பட்ட பரப்பு பல மடங்கு கூடும், கெடுவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இரண்டாவது வாரம் இதே இரண்டு இடத்திலும் சௌசௌ போகலாம். சின்னக் காயாக இருப்பதால் வேண்டியதை மட்டும் நறுக்கலாம், இளசாக இருந்தால் தோலைத் துவையலுக்கு எடுக்கலாம். மூன்றாவது வாரம் மோர்க்குழம்பில் சேப்பங்கிழங்கு. அது சீக்கிரம் கெடாத கிழங்கு, ஜோடி தேடவேண்டிய அவசரம் இல்லை, மிஞ்சினது வெள்ளிக்கிழமை வறுவலுக்கு ஆகும். அந்த வாரத் திங்கள் கூட்டுக்குப் புடலங்காய் போதும்.

புதன் உசிலிக்குப் பீன்ஸ் ஆளுக்கு 65 கிராம், 2.2 கிலோ வேண்டும். பருப்பு ஆளுக்கு 25 கிராம், 850 கிராம். பீன்ஸைச் சரியாக 2.2 கிலோ என்று வாங்கவேண்டாம், 2.5 கிலோ வாங்குங்கள். நுனியும் நாரும் போனதுபோக மிஞ்சும் கைப்பிடி சனிக்கிழமைக்கு. செவ்வாய் சாம்பாரில் முருங்கைக்காய் இரண்டு மூன்று நிற்கட்டும், செவ்வாய் பொரியலுக்கு வாங்கின கேரட்டில் கொஞ்சம் நிற்கட்டும், வியாழன் காரக்குழம்புக் கத்தரிக்காயில் கொஞ்சம் நிற்கட்டும். சனிக்கிழமை கதம்ப சாம்பாருக்கு ஆளுக்கு 50 கிராம் காய், 1.7 கிலோ வேண்டும். நான்கு காயும் சேர்ந்து அந்த அளவுக்கு நின்றால் கணக்குச் சரி. மற்ற கிழமையில் மிச்சம் என்பது பிழை, இங்கே அது திட்டம்.

வெள்ளிக்கிழமை சமையல் முடிந்ததும் ஃப்ரிட்ஜில் நிற்கும் பச்சைக் காயை எல்லாம் ஒரே கூடையில் போட்டு எடை பாருங்கள். வாரக் கொள்முதல் சரியா என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஒன்றரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை இருந்தால் அந்த வாரம் சரியாக வாங்கியிருக்கிறீர்கள். ஒரு கிலோவுக்குக் கீழே போனால் ஒரு கீற்றுப் பரங்கிக்காய் வாங்கி ஈடுகட்டிவிடலாம். இரண்டரை கிலோவைத் தாண்டினால் சாம்பாரில் காயைத் திணிக்காதீர்கள். குழம்பு கெட்டியாகி, அந்தச் சாம்பாரே கேரியரில் திரும்பி வரும். அடுத்த வாரப் பட்டியலில் எந்தக் காயை அதிகம் வாங்கினோம் என்று பார்த்து அதைக் குறையுங்கள். கூடையில் எது மேலே தெரிகிறதோ அதுதான் பதில்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். சனிக்கிழமை வடிகால் பச்சைக் காய்க்கு மட்டும். வெந்த பொரியலையோ கூட்டையோ சாம்பாரில் சேர்ப்பது கூடவே கூடாது.

திரும்பி வரும் கேரியர் சொல்வது

காயில் வீணாவதைக் கூடை சொல்லும். சமைத்ததில் வீணாவதைத் திரும்பி வரும் கேரியர்தான் சொல்லும். பெரும்பாலானவர்கள் கழுவி அனுப்பிவிடுவார்கள், அது மரியாதை, அதைத் தடுக்கமுடியாது. கழுவாமல் அனுப்பும் வீடுகளில் எது மிஞ்சியிருக்கிறது என்று இரண்டு வாரம் மட்டும் தட்டுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களிடம் மாலையில் ஒரு வரி: "இன்று எது மீந்தது?" ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் போதும். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் வரும். அதனால் ஒரு பயனும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பாகற்காய்ப் பொரியல் அனுப்பினதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 80 கிராம், 30 கேரியரில் 2.4 கிலோ. திரும்பினது 300 கிராம், அதாவது எட்டில் ஒரு பங்கு. இந்த 300 கிராம் எப்படி வந்தது என்பதில்தான் விஷயம். எல்லாரும் பத்துப் பத்துக் கிராம் வைத்திருந்தால் பதார்த்தத்தில் குறை இல்லை, கரண்டி பெரிது. அடுத்த முறை 70 கிராமாக வையுங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நான்கு பேர் ஆளுக்கு 75 கிராமைத் தொடாமல் அனுப்பியிருந்தால், அளவைக் குறைப்பது மற்ற 26 பேருக்குச் செய்யும் அநியாயம். அந்த நால்வருக்குப் பாகற்காய் ஆகாது, அவ்வளவுதான். அவர்கள் கேரியர் மூடியில் ஒரு குறி போட்டு, அன்று மட்டும் பாகற்காய்க்குப் பதில் ஒரு துவையல் உருண்டை வைத்துவிடலாம். துவையல் தனி அடுப்பு கேட்காது. இதற்கு மாறாகப் பத்துப் பன்னிரண்டு பேர் பாதியை வைத்திருந்தால், பதார்த்தத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும் நேரம் வந்துவிட்டது.

முதல் தடவை மீந்ததை வைத்து முடிவு செய்யவேண்டாம். அன்று உப்புக் கூடியிருக்கலாம், ஆபீசில் யாரோ பிறந்தநாள் கேக் கொடுத்திருக்கலாம். அடுத்த சுற்றில் மூன்று வாரம் கழித்து அதே பதார்த்தம் அதே மாதிரித் திரும்பினால் அதை நம்பலாம்.

சில பதார்த்தங்கள் ருசியால் தோற்பதில்லை, கேரியரால் தோற்கின்றன. வெண்டைக்காய்ப் பொரியல் சூட்டோடு மூடினால் ஆவியில் நனைந்து பிசுபிசுக்கும். உருளை வறுவல் மொறுமொறுப்பு இழக்கும், ஆனாலும் சாப்பிடுவார்கள். அப்பளத்தைத் தனிக் கவரில் கட்டாவிட்டால் அட்டையாகிவிடும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு சித்திரை வைகாசி வெயிலில் சீக்கிரம் நொதிக்கும். அந்த இரண்டு மாதமும் தேங்காயை அரைத்துக் கொதிக்கவிடாமல் இறக்கும் பதார்த்தங்களை எடுத்துவிட்டு, பருப்பும் சீரகமும் மட்டும் போட்ட கூட்டாக மாற்றிக்கொள்வது நல்லது. சாம்பார் ஒன்றரை மணி நேரத்தில் பருப்பு உறைந்து கெட்டியாகும், அடுப்பில் இருக்கும்போது சற்றுத் தளர்வாகவே இறக்கவேண்டும்.

கூடுதலை எங்கே வைப்பது

குறைந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாப் பாத்திரத்திலும் கொஞ்சம் கூட வைப்பதுதான் வீணாவதன் பெரிய வாசல். இங்கேதான் வீட்டு நால்வர் வருகிறார்கள். 34 பேருக்குச் சமைத்தால் 30 பேருக்கு நால்வர் பங்கு கூடுதலாகவே இருக்கிறது. அதற்கு மேல் ஒரு கரண்டிகூட வேண்டாம். திடீரென்று இரண்டு கேரியர் கூடினால் வீட்டில் இரண்டு பேருக்கு உப்புமா. ஆள் குறைந்தால் வீட்டில் ராத்திரிக்கும் அதே குழம்பு. கூடுதலைத் தனியாகச் சமைக்காமல் வீட்டுச் சாப்பாட்டுக்குள்ளேயே வைப்பது இதுதான்.

சாதத்தை மட்டும் இரண்டு தவணையாக வடியுங்கள். 34 பேருக்கு 4.25 கிலோ அரிசி என்றால் முதலில் 3.25 கிலோ. மீதி ஒரு கிலோவை ஊறவைக்காமல் அளந்து வைத்திருந்து, கேரியர் கட்ட ஆரம்பித்த பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். அதற்குள் விடுப்பு எல்லாம் தெரிந்துவிடும், எவ்வளவு தேவையோ அவ்வளவே போடலாம். விடுப்புச் சொல்ல முதல் நாள் இரவு எட்டு மணி கெடு என்று வைத்தால் பெரும்பாலும் காப்பாற்றுவார்கள். தாமதமாகச் சொன்னால் அந்த நாள் கணக்கில் கழியாது என்பதைச் சேரும்போதே சொல்லிவிடவேண்டும், நடுவில் சொன்னால் மனக்கசப்பு.

மீந்த சாதத்தை மறுநாள் எலுமிச்சை சாதமாகவோ புளியோதரையாகவோ மாற்றி அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது. செய்யாதீர்கள். வெந்த சாதம் அறை வெப்பத்தில் கிடக்கும்போது பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும். அரிசியில் இருக்கும் அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை, உண்டான நச்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. எலுமிச்சையின் புளிப்பு வாடையை மறைக்கும், நச்சை நீக்காது. வெள்ளிக்கிழமைக் கலந்த சாதம் அன்று வடித்த சாதத்தில்தான். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் வீட்டு உபயோகத்துக்கு ஆகும், வாடிக்கையாளர் கேரியருக்கு ஆகாது.

அமாவாசையும் மழையும் வரும்போது

எந்தச் சுழற்சியும் இரண்டு விஷயத்தில் உடையும். ஒன்று நாள்கிழமை. அமாவாசையன்று வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடுகள் முப்பதில் ஏழெட்டாவது இருக்கும். அமாவாசை எந்தக் கிழமையிலும் விழலாம். அது வியாழன் பூண்டுக் காரக்குழம்பில் விழுந்தால், அந்த வாரத்துக்குள்ளேயே இரண்டு நாளை இடம் மாற்றுங்கள்: காரக்குழம்பு வெள்ளிக்கு, கலந்த சாதம் வியாழனுக்கு. பட்டியலையே ஒரு நாள் தள்ளிவிடும் யோசனை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தள்ளினால் பூசணி ஜோடி உடையும், கீரை வாங்கும் நாள் மாறும், சனிக்கிழமை வடிகால் திங்களுக்குப் போய்விடும். மூன்று வாரத் தாளைக் காலண்டரோடு சேர்த்து ஒட்டி, அமாவாசையை முன்பே வட்டமிட்டு வைத்தால் போதும். புரட்டாசியில் அசைவத்தை விட்டவர்கள் புதிதாகக் கேட்பார்கள். அவர்களை மாதக் கணக்கில் சேர்க்கும்போது ஐப்பசியில் அவர்கள் நின்றுவிடலாம் என்பதை வைத்தே பாத்திரமும் கொள்முதலும் கூட்டுங்கள்.

இன்னொன்று பருவம். ஐப்பசி கார்த்திகை மழையில் கீரை சேறோடு வரும், மறுநாளே அழுகும், தக்காளியும் முருங்கைக்காயும் விலை ஏறும். பட்டியலில் ஒவ்வொரு காய்க்கும் பக்கத்தில் மாற்றுக் காய் ஒன்றை எழுதிவையுங்கள். அது அதே மாதிரி வேகக்கூடியதாக இருக்கவேண்டும். சாம்பார் முருங்கைக்காய்க்கு முள்ளங்கி சரி, பாகற்காய் சரியில்லை. கீரைக் கடையலுக்குப் பதில் பாசிப்பருப்புக் கடையல். ரசத்தில் தக்காளியைப் பாதியாக்கிப் புளியைக் கூட்டலாம். மாற்றினதைக் காலையிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: "கீரை நன்றாக இல்லை, இன்று பருப்புக் கடையல்." காரணம் தெரிந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சொல்லாமல் மாற்றினால் ஏமாற்றினதாக நினைப்பார்கள்.

பழைய பட்டியலிலிருந்து மாறும்போது

நிலையான வாரப் பட்டியலில் இருப்பவர்கள் ஒரே நாளில் இதற்குத் தாவவேண்டாம். மாதக் கட்டணம் புதுப்பிக்கும் வாரத்தின் திங்களில் தொடங்கி, முதல் மூன்று வாரமும் குழம்புச் சட்டத்தைப் பழையபடியே வைத்துக் காயை மட்டும் சுழற்றுங்கள். வாடிக்கையாளர்கள் மிக விரும்பும் ஒரு பதார்த்தம் ஒவ்வொரு சேவையிலும் இருக்கும், பெரும்பாலும் அது உருளை வறுவலாகவோ பருப்பு உசிலியாகவோ இருக்கும். அதைச் சுழற்சிக்குள் போடாமல் அதன் கிழமையிலேயே வாரா வாரம் விட்டுவிடுங்கள். அதில் கைவைத்தால்தான் போன் வரும்.

புதிய பதார்த்தம் ஒன்றை நுழைக்க நினைத்தால் குழம்பு இடத்தில் நுழைக்கவேண்டாம், பொரியல் இடத்தில் நுழைக்கலாம். அதுவும் முதல் முறை 40 கிராம் மட்டும், பழகின பொரியல் 40 கிராமோடு சேர்த்து. வாழைப்பூ மாதிரி ஆய்வதற்கே நேரம் பிடிக்கிறதும், பாதிக்கு மேல் கழிவாகப் போகிறதுமான காயை முப்பது பேருக்கு முழு அளவில் எடுத்துக்கொள்வது காலை வேலையையே குலைத்துவிடும். ஆய்வதற்கு ஒரு ஆள் கூட இருக்கும் நாளில் மட்டும், உசிலியில் பாதி வாழைப்பூ, பாதி கோஸ் என்று கலந்து தொடங்கலாம்.

இரண்டு சுற்று, அதாவது ஆறு வாரம் ஓடின பிறகு, வெள்ளிக்கிழமைக் கூடை எடையையும், கேரியர் மிச்சக் குறிப்பையும், கிழமைவாரி விடுப்பு நோட்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே பதார்த்தத்தின் பெயர் வந்தால் அதை மாற்றுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு பதார்த்தத்துக்கு மேல் மாற்றவேண்டாம், மாற்றினால் அடுத்த ஆறு வாரக் குறிப்பில் எந்த மாற்றம் எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.